விளாவிய தண்ணீர்

1999-ஆம் ஆண்டு வைகாசியில் என் தங்கைக்குக் கல்யாணம். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு மாப்பிள்ளைக்கு நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் தினக்குறிப்பு எழுதி வருவதுதான். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதுவரை அதில் இருக்கும். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அந்த வாரத்தில்தான் முதன்முதலாக அது ஒருவருக்கு உபயோகப்பட்டது. அதே குறிப்பு என்னைக் காட்டியும் கொடுத்தது.

மாப்பிள்ளை எட்டு வருடமாக அமெரிக்காவில் இருந்தவர். சொந்த ஊர் மேலூர் பக்கம். கல்யாணத்துக்காக அவர்கள் குடும்பம் செல்லூரில் அவருடைய தாய்மாமன் வீட்டில் வந்து தங்கியிருந்தது. தாய்மாமன் விசைத்தறி வைத்திருந்தார். தறிச் சத்தத்தை மீறிப் பேசியே பழகிய தொண்டை. அமைதியான இடத்திலும் அவருக்குக் குரலைக் குறைக்கத் தெரியாது.

அந்த ஞாயிறு காலை இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் அழகர்கோவிலுக்குப் போய் சாமி முன்னால் கல்யாணப் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டோம். மாப்பிள்ளை தோளில் ஒரு பை. அதில் மூடி உடைக்காத நான்கு தண்ணீர் பாட்டில்கள். கோவில் வாசலில் வெட்டி வைத்திருந்த வெள்ளரிக்காயை எல்லோரும் வாங்கித் தின்றபோது அவர் ஒரு வாழைப்பழத்தைத் தானே உரித்துச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் வேனை நிறுத்தி ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கினார்கள். அவர் வேண்டாம் என்றார்.

"அமெரிக்கா போயி வயித்த அங்கனயே விட்டுட்டு வந்துட்டியா மாப்ள?" என்றார் தாய்மாமன்.

"ஐஸு எந்தத் தண்ணில செஞ்சதுன்னு தெரியாது மாமா. டீ வாங்கிக் குடுங்க. கொதிக்கக் கொதிக்க எம்புட்டு வேணாலும் குடிக்கிறேன்."

"வேகாத வெயில்ல டீ குடிக்கிற மாப்பிள்ளைய இப்பத்தேன் பாக்குறேன்."

வேனே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே டீ குடித்தார். பார்த்துப் பார்த்துத் தின்கிறார், ஆனால் யாரையும் புண்படுத்தாமல் செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

மதியச் சாப்பாடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில். வேனை விட்டு இறங்கும்போது அவர் பையைத் தோளில் மாட்டினார். வாசலில் நின்ற என் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"வீட்டுச் சாப்பாட்டுக்கு வரையில தண்ணியயும் கட்டிக்கிட்டு வரணுமா தம்பி? ஒங்களுக்குன்னே காய்ச்சி வச்சிருக்கேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, முகம்தான் வாடிப்போனது.

அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, பையை வேனிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த மரியாதைக்கு அவர் கொடுத்த விலை அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அம்மா உண்மையிலேயே காய்ச்சித்தான் வைத்திருந்தாள். அதிகாலையிலேயே கொதிக்கவைத்து, ஆறியதும் புதுப் பானையில் ஊற்றி மூடியிருந்தாள். ஆனால் கல்யாண வீட்டில் பானையைப் பார்த்தால் சொம்பை விடாதவர் யார்? நாங்கள் வருவதற்குள் உறவுக்காரர்கள் அதைக் காலி செய்துவிட்டார்கள். பந்தி உட்காரும் நேரத்தில் மறுபடி உலை வைத்தாள். மாப்பிள்ளை இலையில் சுடச்சுடச் சோறும் குழம்பும் விழுந்தன. குழம்பில் காரம் கூடுதல். அவர் தண்ணீர் கேட்டபோது அடுப்பில் அது தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

வெந்நீரை வாய்க்கு ஆகிறமாதிரி ஆக்குவதற்கு எங்கள் வீட்டில் ஒரே வழிதான். குளிக்கவும் அதுதான், பிரசவித்தவளுக்கும் அதுதான், காய்ச்சல்காரருக்கும் அதுதான்: விளாவுவது. கால் டம்ளர் கொதிநீரை எடுத்தேன். குடத்திலிருந்து முக்கால் டம்ளர் பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றினேன். விரலால் டம்ளரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, இதமாக இருக்கிறது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று டம்ளர் குடித்தார். கோடைக்காலம். குழாயில் தண்ணீர் வராமல் லாரித் தண்ணீரைப் பிடித்துக் குடங்களில் ஊற்றி வைத்திருந்த நாட்கள் அவை. அன்றைய குறிப்பில், "1.40 — மாப்பிள்ளைக்கு வெந்நீர் விளாவிக் கொடுத்தேன். திருப்தியாகச் சாப்பிட்டார்" என்று எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. தாய்மாமன். தறி அப்போது ஓடவில்லை, இருந்தும் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"என்ன விருந்து போட்டீக? நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சது, எம் மருமகன் கக்கூஸை விட்டு வெளிய வரல. முகூர்த்தத்துக்கு ரெண்டு நாளுதான் கெடக்கு. மணையில உக்கார வேண்டியவன் எங்க உக்காந்திருக்கான் பாருங்க!"

நான் வண்டியை எடுத்துக்கொண்டு செல்லூருக்குப் போனேன். மாப்பிள்ளை கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். வயிறு முறுக்கிப் பிடிப்பதாகச் சொன்னார். ஒருமுறை வாந்தி. போவதெல்லாம் வெறும் தண்ணீர். பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தில் மஞ்சள், வெள்ளை, ரோஸ் நிறங்களில் மாத்திரைகள். தெருமுனை மருந்துக் கடையில் "பேதிக்கு ஒரு செட்டு" என்று தாய்மாமன் கேட்டு வாங்கி வந்தது.

"போடமாட்டேங்குறான். நான் போட்டுக் காமிச்சேன், அப்பவும் போடமாட்டேங்குறான்" என்றார்.

"நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"எனக்கும் நேத்து ரெண்டு தடவ போச்சுல்ல. இப்ப வாயெல்லாம் காசைப் போட்டுச் சப்புன மாதிரி இருக்கு."

எங்கள் தெருவில் அரசு ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மா இருந்தார். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வீட்டுத் திண்ணையையொட்டிய அறையில் நோயாளிகளைப் பார்ப்பார். மருந்து எழுதுவதைவிடக் கேள்வி கேட்பது அதிகம் என்று அவர்மேல் தெருவுக்கே ஒரு குறை. மாப்பிள்ளையை ஆட்டோவில் அழைத்துப் போனோம். தாய்மாமனும் பொட்டலத்தோடு ஏறிக்கொண்டார்.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போனார். எத்தனை தடவை? ரத்தம் தெரிந்ததா, சளி? காய்ச்சல்? குடிப்பது தங்குகிறதா? சிறுநீர் போகிறதா? எழுந்தால் கண் இருட்டுகிறதா? ரத்தம் இல்லை. காய்ச்சல் இல்லை. காலையிலிருந்து நான்கு தடவை. சிறுநீர் போகிறது. நடந்துதான் உள்ளே வந்தார். நாக்கைப் பார்த்தார், புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார்.

"மாத்திரை இப்ப வேணாம்" என்றார்.

தாய்மாமன் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "அப்ப இதெல்லாம்?"

"இதுல ஒண்ணு அமீபாவுக்கு. அவருக்கு அமீபா இருக்குன்னு யார் சொன்னா? இன்னொண்ணு கிருமியக் கொல்றது. அது வேண்டிய நேரம் வந்தா நானே தருவேன். நீங்க எத்தன போட்டீங்க?"

"ரெண்டே ரெண்டு."

"ரெண்டு தடவ போனதுக்கா? ஒங்களுக்கு மோரும் கஞ்சியும் போதும். கண்ட கண்ட நேரத்துல இதப் போட்டா வயித்துல இருக்குற நல்ல கிருமியும் சாகும், கெட்டது மருந்துக்குப் பழகிக்கும். நாளைக்கு நெசமாவே வேணும்னு வரையில கேக்காது."

தாய்மாமன் பொட்டலத்தை மடித்தார். எனக்கு அது சின்னத் திருப்தியாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

"டெஸ்டு எடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"இங்க சாதாரணமா லேபுல குடுத்தா, இதுக்குக் காரணமான கிருமி தெரியாது. எல்லார் குடல்லயும் இருக்குற கிருமியோட பங்காளிதான் இது. பாக்க ரெண்டும் ஒண்ணுதான். இது விஷத்த உண்டாக்கும், அது உண்டாக்காது, அம்புட்டுதான் வித்தியாசம்." அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "இது குடலக் கடிச்சுப் புண்ணாக்கிட்டு உள்ள போறதில்ல. சுவர்ல ஒட்டிக்கிட்டு விஷத்த விடும். அந்த விஷம் பட்டா, உடம்புல இருக்குற தண்ணியயும் உப்பயும் குடல் வெளியே கொட்ட ஆரம்பிச்சுரும். அதான் தண்ணியாப் போகுது, ரத்தம் இல்ல. காலராவும் இதே வகை விஷம்தான், ஆனா அது அசுர வேகம். இது மூணு நாலு நாள்ல தானா அடங்கும். அதுக்குள்ள உடம்பு காயாமப் பாத்துக்கணும். அதுதான் வைத்தியம்."

உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்களைக் கொடுத்தார். விஷம் எவ்வளவு ஆடினாலும் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உறிஞ்சுகிற வாசல் குடலில் கெடாமல் இருக்குமாம். அந்த வாசல் வழியாகத்தான் தண்ணீரும் உள்ளே போகுமாம். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு தடவை போய்வந்த பிறகும் ஒரு டம்ளர், மடக் மடக்கென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. கஞ்சி, இட்லி சாப்பிடலாம், பட்டினி கிடக்க வேண்டாம்.

"இவரு பாட்டில் தண்ணிதானே குடிச்சாரு. வெளிய பச்சையா எதையும் தொடலயே" என்றேன் நான்.

"வீட்ல?"

"வீட்ல காய்ச்சின தண்ணி."

"காய்ச்சி எப்படி ஆற வச்சீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஒன்று நாற்பது கண்முன் வந்து நின்றது. என் விரல் டம்ளரைத் தொட்டுப் பார்த்தது, குடம், லாரித் தண்ணீர். கொதிக்கவைத்துக் கொன்றதை மறுபடி முக்கால் டம்ளரில் உயிரோடு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். உலகத்தில் உள்ளதையெல்லாம் படித்ததாக நினைத்துக்கொண்டிருப்பவன், கையில் இருந்த டம்ளரை யோசிக்கவில்லை.

"விளாவிக் கொடுத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டாக்டரம்மாவுக்குக் கேட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. "எல்லா வீட்லயும் இதான். பத்து நிமிசம் பொறுமையாக் காய்ச்சுவாங்க, ஒரு நிமிசம் ஆற விடமாட்டாங்க" என்றார். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. நீங்கல்லாம் அதே தண்ணியக் குடிச்சு நல்லாத்தானே இருக்கீங்க? ஒங்களுக்குச் சின்ன வயசுலயே வந்து வந்து பழகிருச்சு. இவருக்கு எட்டு வருசத்துல உடம்பு அத மறந்துருச்சு."

தாய்மாமன் அப்போது வாசலில் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் இது விழவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஆட்டோவில் செல்லூர் போய்ச் சேரும்வரை அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். 'பெண் வீட்டுத் தண்ணீரால் மாப்பிள்ளை விழுந்தான்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது என் தங்கையோடு ஆயுள் முழுக்கப் போகும். முகூர்த்தம் தள்ளிப்போனாலும் அப்படித்தான். அவருக்கு அடுத்த வாரம் திரும்பிப் போக வேண்டிய டிக்கெட் கையில் இருந்தது. இந்த முகூர்த்தத்தை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்தார். தாய்மாமன் மறுபடி விருந்தைப் பற்றி ஆரம்பித்தார். "சம்பந்தம் பண்ணுறதுக்கு முந்தியே சம்பவம் பண்ணிட்டாக" என்றார். கட்டிலில் கிடந்தவரின் கண்கள் என்மேல் இருந்தன. டாக்டரம்மா வீட்டில் என் பதில் அவருக்குக் கேட்டிருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அதனாலேயே நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"தப்பு எம்மேலதான்" என்று நடந்ததைச் சொன்னேன். கொதித்த தண்ணீர், குடத்துத் தண்ணீர், மூன்று டம்ளர்.

தாய்மாமன் பெரிதாக மூச்சு இழுத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நானும் அப்படித்தான் குடுத்தேன்" என்றார்.

"என்னக்கா சொல்ற?"

"வந்த நாள்ல இருந்து காலைல எந்திரிச்சா வெந்நி கேப்பான். சூடா இருந்துச்சுன்னா நம்ம தொட்டித் தண்ணிதான் ஊத்தி விளாவுவேன். நாலு நாளாக் குடுக்குறேன். இவுக வீட்டுத் தண்ணியோ, நம்ம தொட்டித் தண்ணியோ, யாரு கண்டா?"

தொட்டி தாய்மாமனுடையது. அவர் இழுத்த மூச்சை மெதுவாக வெளியே விட்டார்.

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார், வயிறு பிடித்துக்கொண்டது. "மச்சான், இம்புட்டு பாட்டிலு சுமந்து வந்து, கடைசில ரெண்டு வீட்டுலயும் பாசத்துல மாட்டிக்கிட்டேன்" என்றார். பிறகு அவசரமாக எழுந்து போனார்.

அந்த அம்மாள் அன்று சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். பிள்ளை வீட்டார் என்ற இடத்திலிருந்து இறங்கி, என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அன்று முழுக்க அங்கேயே இருந்தேன். தண்ணீரைக் காய்ச்சி, மூடியபடியே அண்டாவைத் தாம்பாளத் தண்ணீரில் நிறுத்தி, தானாக ஆறும்வரை காத்திருந்து, லிட்டர் பாட்டிலில் அளந்து பொட்டலத்தைக் கலக்கினேன். ருசிக்காக இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போடலாமே என்று தாய்மாமன் கேட்டார். போடக்கூடாது என்றேன். சர்க்கரை கூடினால் பேதியும் கூடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு பழைய நோட்டில் இரண்டு கட்டம் போட்டேன்: குடித்தது, போனது. ஒவ்வொன்றுக்கும் நேரம்.

"இதயும் எழுதுவீகளா?" என்றார் தாய்மாமன்.

"இதத்தான் எழுதணும்."

"எங்க குலத்துலயே இப்படி ஒரு சரித்திரத்த யாரும் எழுதுனதில்ல."

ராத்திரிக்கு நோட்டை மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதத் தெரியாது என்றார். கோடு போட்டால் போதும் என்றேன்.

புதன்கிழமை காலை ஆறரைக்குப் போனபோது "போனது" கட்டத்தில் ஒன்பது கோடுகள் இருந்தன. "குடித்தது" கட்டத்தில் ஏழு. அந்த அம்மாள் ஒன்றைக்கூட விடாமல், ஒரே நீளத்தில் போட்டிருந்தார். மாப்பிள்ளையால் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியவில்லை. கண் உள்ளே போயிருந்தது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை முகூர்த்தம். நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோடுகளை எண்ணினார். மற்ற நோயாளிகளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

மறுபடி அதே கேள்விகள், அதே சோதனைகள். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. குடிப்பது தங்குகிறது, கொஞ்சம் சிறுநீரும் போகிறது. சலைன் ஏற்ற வேண்டிய நிலை இல்லை என்றார். பிறகு கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார். கிருமியைக் கொல்லும் சிப்ரோஃப்ளாக்சசின்.

"நேத்து வேணாம்னீக. இன்னைக்கு வேணுங்கிறீக" என்றார் தாய்மாமன். இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை, பயம்தான் இருந்தது.

"நேத்து நடந்து வந்து என் முன்னால உக்காந்தாரு. இன்னைக்கு எந்திரிக்க முடியல. ஆளப் படுக்க வச்சுட்டா, அப்பத் தரலாம். காய்ச்சலோ ரத்தமோ வந்திருந்தா நேத்தே வேற கணக்கு. மருந்து குடுத்தா ஒரு நாள், ஒன்றரை நாள் முந்தி நிக்கும், அம்புட்டுதான் லாபம். அந்த ஒரு நாளு இவருக்கு வேணும். ஒங்களுக்கு நேத்து அது தேவப்படல."

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று நாளைக்கு மேல் போகாது, அதற்கு முன்னால் முழுக்க நின்றுவிட்டால் தன்னிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். பாலோடு மட்டும் போடக்கூடாது, பால் அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. காய்ச்சலும் ரத்தமும் இல்லாததால் போக்கை மட்டுப்படுத்த இன்னொரு சின்ன மாத்திரையும் கொடுத்தார். "மருந்து போட்டாச்சுன்னு உப்புத் தண்ணிய நிறுத்துனீங்க, அப்புறம் எங்கிட்ட வராதீங்க. சிறுநீர் நின்னா, காய்ச்சல் ஏறுனா, ரத்தம் தெரிஞ்சா, மண்டபத்துக்குப் போகாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க." ஏழே முக்காலுக்கு முதல் மாத்திரை உள்ளே போனது.

மதியம் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நலங்கு முடிந்து தங்கை மஞ்சள் பூசிய முகத்தோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்திருந்தது.

"அண்ணே, மறைக்காமச் சொல்லு. நாளைக்கு வந்து உக்காருவாரா?"

"உக்காருவாரு."

"வாயால சொல்லாத. நீ எழுதி வச்சத காமி."

நோட்டைக் கொடுத்தேன். மாத்திரை போட்ட பிறகு பன்னிரண்டு மணிவரை நான்கு. பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள் ஒன்று. அவள் விரலால் ஒவ்வொரு நேரமாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசி வரியில் "2.50 — அரை கிண்ணம் ரசம் சோறு, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்" என்று இருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மஞ்சள் கரைந்தது. என்னிடம் நோட்டைத் திருப்பித் தரவில்லை.

மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை மண்டப வாசலில் இருந்து மேடைவரை என்று சுருக்கிவிட்டார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் தாய்மாமன். "வெயிலுக்காக" என்று எல்லோரிடமும் சொன்னார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யார் அதைக் கேள்வி கேட்கப் போகிறார்கள்? சமையல்காரரிடம் போய், மாப்பிள்ளைக்கு எதை வைத்தாலும் ஆவி பறக்க வைக்க வேண்டும், சட்னியும் பச்சடியும் இலையில் விழக்கூடாது என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஜிகர்தண்டாவுக்காகக் கேலி செய்தவர் அவர்தான் என்று யாரும் நினைவுபடுத்தவில்லை.

வியாழன் காலை ஐந்தரைக்கு மூன்றாவது மாத்திரை. ராத்திரியில் ஒரே ஒரு தடவை போனதாக அந்த அம்மாள் சொன்னார். ஏழே காலுக்கு மாப்பிள்ளை பட்டு வேட்டியில் வெளியே வந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, மூன்று நாளில் அவ்வளவு வற்றியிருந்தார். தாய்மாமன் தன் பெல்ட்டைக் கழற்றி உள்ளே கட்டிவிட்டார்.

எட்டு பத்துக்குத் தாலி. ஐயர் மந்திரத்தைக் கொஞ்சம் வேகமாகவே சொன்னார், அது யாருடைய ஏற்பாடு என்று கேட்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை எழுந்து குனிந்தபோது அவர் விரல்கள் நடுங்கியதைப் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். பலவீனம்தான். தங்கையும் பார்த்திருக்க வேண்டும். அவள் தலையை வழக்கத்தைவிட நன்றாகத் தாழ்த்தி, கழுத்தைப் பின்னால் கொண்டுபோய் அவர் கைக்கு எட்டுகிறமாதிரி வைத்தாள். முதல் முடிச்சை அவர் போட்டார். மற்ற இரண்டையும் முறைப்படி அவருடைய அக்கா போட்டாள். மேளம் கொட்டியது. என் அம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். சாமியைப் பார்த்துக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது வரிசை நாற்காலியில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

அக்கினியைச் சுற்றி வரும்போது மாப்பிள்ளை தங்கையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். சம்பிரதாயம் அது. முதல் சுற்றிலேயே அவள் சுண்டுவிரலை விடுவித்து, முழுக்கையாலும் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். புதுப்பெண்ணுக்கு வெட்கமே இல்லை என்று நினைத்திருப்பார்கள். மூன்று சுற்றும் அவர் விழாமல் நடந்து முடித்தார். அவர் எதைப் பிடித்துக்கொண்டு நடந்தார் என்பது எங்கள் ஐந்தாறு பேருக்குத் தெரியும்.